இரு குழுக்களுக்கும் இடையே உள்ள அந்த ஒற்றை எண்

கேள்வி: அறிவியல் செய்திகளைத் தமிழில் எழுதி வருகிறேன். பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கம் மட்டுமே எனக்குப் படிக்கக் கிடைக்கிறது. ஒரு சுருக்கம் தன் வழிமுறையையும் முடிவையும் வரம்பையும் நேர்மையாகச் சொல்கிறதா என்று, புள்ளியியல் படிக்காத நான் எப்படி மதிப்பிடுவது? எல்லாச் சுருக்கங்களும் ஒரே உறுதியோடு பேசுவதால் எனக்கு வேறுபாடு தெரிவதில்லை, ஐயா.

பதில்:

மதிப்பிற்குரிய வாசகருக்கு,

மருத்துவ ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளின் புள்ளியியல் பகுதியைச் சரிபார்ப்பது பல ஆண்டுகளாக என் வேலை. அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். சுருக்கங்களில் பச்சைப் பொய் அரிது. அடிக்கடி நடப்பது வேறு: ஆய்வு ஒரு கேள்வியோடு தொடங்கும், முடிவுரை வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும், நடுவில் கேள்வி மாறிய இடம் வாசகர் கண்ணில் படாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல் பட்டம் தேவையில்லை. எந்த வாக்கியத்தில் என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

எல்லா வகை ஆய்வுகளையும் ஒரே கடிதத்தில் அடக்க முடியாது. செய்திகளில் மிகுதியாக வருவதும், ஏமாற்றம் மிகுதியாக நடப்பதும் மருந்துச் சோதனைகளில்தான் என்பதால் அந்த ஒரு வகையையே எடுத்துக்கொள்கிறேன். கீழே உள்ள சுருக்கம் எந்த உண்மையான ஆய்வுடையதும் அல்ல. நான் பார்த்த பல சுருக்கங்களின் சாயலில், கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி உங்களுக்காக நானே எழுதியது.

"நோக்கம்: முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் வலி உள்ளவர்களுக்கு 'அ' மருந்தின் பயனை மதிப்பிடுதல். வழிமுறை: 120 பேர் குலுக்கல் முறையில் 'அ' மருந்துக் குழுவிலும் போலி மாத்திரைக் குழுவிலும் சமமாகச் சேர்க்கப்பட்டு 12 வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். வலி 0 முதல் 100 வரையிலான அளவுகோலில் அளக்கப்பட்டது. முடிவுகள்: 'அ' மருந்துக் குழுவில் வலி தொடக்க நிலையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது (p = 0.01); போலி மாத்திரைக் குழுவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை (p = 0.12). 'அ' மருந்துக் குழுவில் தூக்கத்தின் தரம் போலி மாத்திரைக் குழுவைவிட மேம்பட்டது (p = 0.03). தீவிரப் பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை. முடிவுரை: 'அ' மருந்து நாட்பட்ட மூட்டுவலிக்குப் பயனுள்ள, பாதுகாப்பான சிகிச்சையாகும்."

இதில் p என்பது பி மதிப்பு: உண்மையில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய மாற்றம் தற்செயலாகவே தென்படும் வாய்ப்பு. அது 0.05-க்குக் கீழே இருந்தால் 'குறிப்பிடத்தக்கது' என்பது வழக்கம். சுருக்கத்தை ஒருமுறை படித்தால் குறையொன்றும் தெரியாது. குலுக்கல் முறை உண்டு, ஒப்பிடப் போலி மாத்திரை உண்டு, எண்கள் உண்டு. மருந்து எடுத்தவர்களுக்கு வலி குறைந்தது, எடுக்காதவர்களுக்குக் குறையவில்லை. ஆகவே மருந்து வேலை செய்கிறது என்று மனம் தானாகவே முடிவுகட்டிவிடும். அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். சுருக்கத்தில் அது இல்லை. அதைச் சேர்த்தது நாம்தான்.

இந்த ஆய்வு எதற்காக நடந்தது? மருந்து எடுத்தவர்களுக்கு 12 வாரத்தில் வலி குறைகிறதா என்பதற்காக அல்ல. அதற்கு 60 பேர் போதும். குலுக்கலோ இன்னொரு குழுவோ வேண்டியதில்லை. வலி தாங்க முடியாத நாட்களில்தான் மனிதர்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள், ஆய்விலும் சேர்கிறார்கள். உச்சத்தில் இருக்கும் வலி எதுவும் செய்யாவிட்டாலும் சில வாரங்களில் ஓரளவு தணியும். மருத்துவரின் கவனிப்பும் மாத்திரை விழுங்குகிறோம் என்ற நம்பிக்கையும் இன்னும் கொஞ்சம் தணிக்கும். இவை எல்லாவற்றையும் கழித்துவிட்டு மருந்தால் மட்டும் வந்தது எவ்வளவு என்று பார்க்கவே போலி மாத்திரைக் குழு. ஆகவே இப்படிப்பட்ட ஆய்வின் விடை ஒரே ஓர் எண்: இரு குழுக்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு. நம் மாதிரிச் சுருக்கத்தில், வலியைப் பொறுத்தவரை, அந்த எண் எங்கும் இல்லை.

முழுக் கட்டுரையின் அட்டவணையைத் திறந்தால் அது கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்துக் குழுவில் வலி சராசரியாக 9 புள்ளி குறைந்திருக்கிறது. அந்தச் சராசரியின் திட்டப்பிழை 3.5. போலி மாத்திரைக் குழுவில் 5 புள்ளி குறைந்திருக்கிறது, திட்டப்பிழை 3.2. திட்டப்பிழை என்பது, இதே ஆய்வை வேறு நபர்களை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்தால் இந்தச் சராசரி எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு. 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று சுருக்கம் சொன்ன குழுவிலும் 5 புள்ளி குறைந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மாற்றம் இல்லாமலில்லை, அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதை விலக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வேறுபாடு 9 − 5 = 4 புள்ளி. இரண்டு ஆடும் எண்களைக் கழித்தால் கிடைக்கும் எண் இரண்டையும்விட அதிகமாக ஆடும். அதன் திட்டப்பிழையைக் கணக்கிட இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: √(3.5² + 3.2²) ≈ 4.7. இதை ஏறத்தாழ இரண்டால் பெருக்கி, 4 புள்ளியின் இரு பக்கமும் வைத்தால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி கிடைக்கும். அது −5 முதல் 13 வரை செல்கிறது. அதாவது மருந்து போலி மாத்திரையைவிட 13 புள்ளி அதிகமாக வலியைக் குறைக்கலாம். ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். 5 புள்ளி மோசமாகவும் இருக்கலாம். இவை எல்லாவற்றோடும் இந்தத் தரவு ஒத்துப்போகிறது. பி மதிப்பு 0.4 அளவில் வரும். ஒரு குழுவில் 0.01, மற்றதில் 0.12 என்று எழுதும்போது இரண்டும் வெகுதொலைவில் இருப்பதுபோல் தோன்றுகிறது. அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை நேராகச் சோதித்தால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இந்தப் பிழையை அறியாமல் செய்பவர்களும் உண்டு. நல்ல இதழ்களில்கூட இதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நம் மாதிரியில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. தூக்கத்தின் தரத்தைப் பற்றிப் பேசும்போது சுருக்கம் 'போலி மாத்திரைக் குழுவைவிட' என்று சரியாக ஒப்பிடுகிறது. தூக்கத்துக்கு இரு குழுக்களையும் ஒப்பிடத் தெரிந்தவர்கள் வலிக்கு மட்டும் ஒவ்வொரு குழுவையும் அதன் தொடக்க நிலையோடு ஒப்பிட்டது ஏன்? ஒரே பத்தியில் ஒப்பீட்டின் முறை மாறினால் அங்கே நில்லுங்கள். சுருக்கத்தைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாத ஒருவருக்குக் கிடைக்கும் மிக வலுவான தடயம் இதுதான். பக்கத்தில் ஒரு தாளை வைத்து, முடிவுகள் பகுதியின் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே 'எதோடு எது?' என்று எழுதிப் பாருங்கள். 'மருந்துக் குழு, முன்னும் பின்னும்' என்று விடை வந்தால், அது மருந்தைப் பற்றிய முடிவல்ல.

தூக்கம் பற்றிய அந்த எண்ணுக்கே வருவோம். ஒவ்வோர் ஆய்வும் தொடங்கும் முன்பே ஒரு விளைவை முதன்மை விளைவு என்று அறிவிக்க வேண்டும். மற்றவை துணை விளைவுகள். இங்கே முதன்மை விளைவு வலி. கட்டுரையின் உள்ளே தூக்கம், நடைவேகம், மனநிலை என 9 துணை விளைவுகள் அளக்கப்பட்டிருந்தன என்று கொள்வோம். மருந்துக்கு எந்தப் பயனுமே இல்லாவிட்டாலும், ஒன்றையொன்று சாராத 9 சோதனைகளில் குறைந்தது ஒன்றாவது தற்செயலாக 0.05-க்குக் கீழே விழ 37 சதவீத வாய்ப்பு உண்டு. 9-இல் ஒன்று விழுந்தது. அந்த ஒன்று சுருக்கத்துக்கு வந்தது. மீதி எட்டு வரவில்லை. தூக்கம் மேம்பட்டது என்பது பொய்யல்ல. எத்தனை வலைகள் வீசப்பட்டன என்று சொல்லாமல், மீன் விழுந்த ஒரே வலையை மட்டும் காட்டுவதுதான் குறை.

பல முறை தேடினால் எதுவும் கிடைக்கும் என்பதற்கு மருத்துவ உலகம் மறக்காத சான்று ஒன்று உண்டு. மாரடைப்பு வந்த 17,187 பேரிடம் ஆஸ்பிரின் உள்ளிட்ட மருந்துகளைச் சோதித்த ஐசிஸ்-2 ஆய்வு 1988-இல் வெளியானது. ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய ஆய்வு அது. அதன் ஆய்வாளர்கள் நோயாளிகளை வேண்டுமென்றே பிறந்த ராசிப்படி பிரித்துக் காட்டினார்கள்: மிதுனம், துலாம் ஆகிய இரு ராசிக்காரர்களிடம் மட்டும் ஆஸ்பிரினால் பயன் தெரியவில்லை, சற்றே பாதகமாகக்கூடத் தெரிந்தது. அதை யாரும் நம்பக் கூடாது என்பதற்காகவே அந்த வரியை அவர்கள் அச்சிட்டார்கள். துணைக்குழுக்களையோ துணை விளைவுகளையோ முன்னிறுத்தும் சுருக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ராசிகள் நினைவுக்கு வருகின்றன.

வழிமுறை வாக்கியத்தில் சொல்லாமல் விடப்பட்டது ஒன்று உண்டு. 120 பேர் சேர்க்கப்பட்டார்கள் என்று சுருக்கம் சொல்கிறது. முடிவு எத்தனை பேரிடமிருந்து வந்தது என்று சொல்லவில்லை. சேர்ந்தவர் எண்ணிக்கையும் கணக்கிடப்பட்டவர் எண்ணிக்கையும் தனித்தனியாக இருக்க வேண்டும். நம் கட்டுரையின் ஓட்டப்படத்தில் மருந்துக் குழுவிலிருந்து 13 பேரும் போலி மாத்திரைக் குழுவிலிருந்து 5 பேரும் பாதியில் விலகியிருக்கிறார்கள். கணக்கிடப்பட்டவர்கள் 47-உம் 55-உம், மொத்தம் 102 பேர். விலகியது சமமாக இருந்தால் இழப்பு ஓரளவு பொறுக்கத்தக்கது. ஒரு பக்கம் இரண்டரை மடங்கு அதிகம் என்றால் குலுக்கலால் கிடைத்த சமநிலையே குலைந்துவிட்டது: மருந்தைத் தாங்கியவர்களும் அதனால் பயன் பெற்றதாக உணர்ந்தவர்களும் மட்டுமே கடைசிவரை நின்றிருப்பார்கள், அவர்களின் சராசரி இயல்பாகவே நன்றாக இருக்கும். அதனால்தான் குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தார்களோ அந்தக் குழுவிலேயே எல்லோரையும் வைத்துக் கணக்கிட வேண்டும் என்பது விதி. சுருக்கம் அதைச் செய்ததாகச் சொல்லாமல், எண்ணிக்கையையும் தராமல் இருந்தால், செய்யவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். இந்த ஐயம் சில நேரம் தவறாகலாம். ஆனாலும் கட்டுரையைத் திறக்கும்வரை அதை விடமாட்டேன்.

அந்த 13 பேரில் 8 பேர் விலகியது ஓயாத வயிற்றுக் குமட்டலால். ஆனால் சுருக்கம் 'தீவிரப் பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை' என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். மருந்துச் சோதனைகளில் 'தீவிர' என்ற சொல்லுக்குத் தனி இலக்கணம் உண்டு: இறப்பு, உயிருக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர்ப்பு, நிலைத்த ஊனம், பிறவிக் குறைபாடு போன்றவையே அதில் வரும். எட்டுப் பேர் மாத்திரையை வேண்டாம் என்று விட்டுப் போகும் அளவுக்குக் குமட்டியது அந்த இலக்கணத்தில் அடங்காது. நீங்கள் 'தீவிரப் பக்கவிளைவு இல்லை' என்பதைத் தமிழில் 'பக்கவிளைவு இல்லை' என்று சுருக்கிவிட்டால், கட்டுரையாளர் கவனமாக ஒதுங்கிக்கொண்ட பொய்யை அவருக்காக நீங்கள் சொன்னவர் ஆவீர்கள். இதைக் கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். மொழிபெயர்ப்பில் இந்த ஒரு அடைமொழி உதிர்ந்துபோவதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

'பதிவாகவில்லை' என்ற சொல்லையும் எடைபோட வேண்டும். மருந்து எடுத்தவர்கள் 60 பேர். தீவிரப் பாதிப்பு 0. இதிலிருந்து பாதுகாப்பானது என்று சொல்ல முடியுமா? இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. எத்தனை பேரைக் கவனித்தும் ஒருவருக்குக்கூட ஒரு பாதிப்பு வரவில்லையோ, அந்த எண்ணிக்கையால் 3-ஐ வகுத்தால், அந்தப் பாதிப்பின் உண்மையான விகிதம் 95 சதவீத நம்பிக்கையுடன் எவ்வளவுவரை இருக்கக்கூடும் என்ற மேல் எல்லை கிடைக்கும். 3 ÷ 60 = 0.05. அதாவது 20 பேரில் ஒருவருக்குத் தீவிரப் பாதிப்பை உண்டாக்கும் மருந்தாக இருந்தாலும், 60 பேரில் ஒன்றுகூட வராமல் போயிருக்கலாம். 'பாதுகாப்பான' என்ற சொல்லைத் தாங்கும் வலிமை இந்த ஆய்வுக்கு இல்லை.

வரம்புகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 'மேலும் பெரிய ஆய்வுகள் தேவை' என்ற வாக்கியத்தை வரம்பாகக் கணக்கில் எடுக்காதீர்கள். அதை எந்தக் கட்டுரையின் கடைசியிலும் ஒட்டலாம். உண்மையான வரம்பு, இந்த ஆய்வின் எந்தக் குறை இந்த முடிவை எந்தப் பக்கம் சாய்த்திருக்கக்கூடும் என்று சொல்லும். 'மருந்துக் குழுவிலிருந்து கூடுதலானோர் விலகியதால் பயன் மிகையாகத் தெரிந்திருக்கலாம்' என்பது வரம்பு. மாதிரிச் சுருக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. மாறாக, வரம்பு இருக்க வேண்டிய இடத்தில் எல்லை விரிகிறது: நோக்கத்தில் 'முழங்கால் மூட்டுத் தேய்மானம்' என்று இருந்தது முடிவுரையில் 'நாட்பட்ட மூட்டுவலி' ஆகிவிட்டது. தோள்மூட்டும் இடுப்புமூட்டும் முடக்குவாதமும் அந்தச் சொல்லுக்குள் நுழைந்துவிட்டன. 12 வாரம் என்ற காலமும் காணாமல் போயிற்று. நோக்க வாக்கியத்தையும் முடிவுரை வாக்கியத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, நோய், மனிதர்கள், கால அளவு, ஒப்பீடு ஆகிய நான்கும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். எது கழன்றிருக்கிறதோ அதுதான் மறைக்கப்பட்ட வரம்பு.

நான் காட்டியது மிகைப்படுத்திய உதாரணம் என்று நீங்கள் நினைக்கலாம். இசபெல் பூட்ரோனும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதன்மை விளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்காத 72 மருத்துவச் சோதனைகளின் கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் 42 கட்டுரைகளின் சுருக்க முடிவுரை, கிடைக்காத பயனைக் கிடைத்ததுபோல் காட்டும் வகையில் திருகப்பட்டிருந்தது. 13 கட்டுரைகளில் தலைப்பிலேயே அந்தத் திருகல் இருந்தது. மேலே பார்த்தவையெல்லாம் அந்தத் திருகலின் வழக்கமான வடிவங்கள்: குழுவுக்குள் ஒப்பிடுவது, துணை விளைவை முன்னிறுத்துவது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதை இரண்டும் சமம் என்று மாற்றிச் சொல்வது இன்னொரு வடிவம்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கக் கூடாது. இடைவெளி −5 முதல் 13 வரை என்று பார்த்தோம். ஆய்வைத் திட்டமிட்டபோது, 10 புள்ளி வேறுபாடு இருந்தால் அது நோயாளிக்கு உணரத்தக்க பயன் என்று ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள் என்றால், அந்த 10-உம் இடைவெளிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே 'மருந்து பயனற்றது என நிரூபணம்' என்று தலைப்பிட்டாலும் தவறே. இந்த ஆய்வால் இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க முடியவில்லை. இதே 4 புள்ளி வேறுபாட்டைச் சுற்றி இடைவெளி 1 முதல் 7 வரை இருந்திருந்தால், பயன் உண்டு, ஆனால் சிறியது என்று சொல்லலாம். வேறுபாடு 0 ஆகி, இடைவெளி −2 முதல் 2 வரை என்றால், சொல்லத்தக்க பயன் இல்லை என்று துணிந்து சொல்லலாம். பி மதிப்பு மட்டும் தரும் சுருக்கத்திலிருந்து இந்த வேறுபாடுகள் எதையும் பிரித்தறிய முடியாது. இடைவெளியைத் தரும் சுருக்கத்திலிருந்து முடியும். அதனாலேயே, வேறுபாட்டையும் அதன் இடைவெளியையும் அச்சிடும் சுருக்கத்தின் மீது எனக்கு முதல் பார்வையிலேயே மதிப்பு வருகிறது, முடிவு எதுவாக இருந்தாலும்.

அதே ஆய்வை நேர்மையாக எழுதினால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். வழிமுறைக்குப் பிறகு இப்படித் தொடரும்:

"முடிவுகள்: குலுக்கலில் சேர்க்கப்பட்ட 120 பேரில் 102 பேரின் தரவு கணக்கிடப்பட்டது (மருந்துக் குழுவில் 13 பேரும் போலி மாத்திரைக் குழுவில் 5 பேரும் விலகினர், மருந்துக் குழுவில் 8 பேர் குமட்டலால் விலகினர்). 12-ஆம் வாரத்தில் வலி மருந்துக் குழுவில் 9 புள்ளியும் போலி மாத்திரைக் குழுவில் 5 புள்ளியும் குறைந்தது. வேறுபாடு 4 புள்ளி (95% நம்பிக்கை இடைவெளி −5 முதல் 13 வரை). 9 துணை விளைவுகளில் தூக்கத்தின் தரத்தில் மட்டும் வேறுபாடு காணப்பட்டது. தீவிரப் பக்கவிளைவு இல்லை. முடிவுரை: முழங்கால் மூட்டுத் தேய்மான வலியில் 12 வாரங்களில் 'அ' மருந்து போலி மாத்திரையைவிடப் பயனுள்ளதா என்பதை இந்த ஆய்வால் தீர்மானிக்க முடியவில்லை. கூடுதலானோர் விலகியதால் பயன் மிகையாகத் தெரிந்திருக்கலாம்."

இது மாதிரிச் சுருக்கத்தைவிட மிகவும் நீளமானதல்ல என்பதைக் கவனியுங்கள். இடமில்லை என்பது ஆசிரியர்கள் அடிக்கடி சொல்லும் காரணம். பல இதழ்கள் சுருக்கத்துக்கு 250, 300 சொற்களே தருகின்றன என்பது உண்மைதான். அதனால் ஒன்றிரண்டு விவரங்கள் விடுபட்டாலே நேர்மையின்மை என்று முத்திரை குத்திவிடக் கூடாது. குலுக்கலை எப்படிச் செய்தார்கள், எந்தக் கணிப்பொறி நிரலால் செய்தார்கள் என்பதெல்லாம் உள்ளே இருந்தால் போதும். ஆனால் மருந்துச் சோதனையின் சுருக்கத்தில் எவை கட்டாயம் இருக்க வேண்டும் என்று, சோதனைகளை எப்படி எழுத வேண்டும் என வழிகாட்டும் கன்சார்ட் குழு 2008-இல் வெளியிட்ட பட்டியலில், முதன்மை விளைவில் ஒவ்வொரு குழுவின் முடிவு, வேறுபாட்டின் அளவு, அதன் துல்லியம், கணக்கிடப்பட்டோர் எண்ணிக்கை, பாதகங்கள் ஆகியவை இடம்பெறுகின்றன. சொற்களைச் சேமிக்க வேண்டுமானால் நோயின் பரவல் பற்றிய முன்னுரை வாக்கியத்தை வெட்டலாம். முதன்மை விளைவின் எண்ணை வெட்டித் தூக்கத்துக்கு இடம் கொடுத்தால், அது ஒரு தேர்வு. அந்தத் தேர்வைக் கேள்வி கேட்க வாசகருக்கு உரிமை உண்டு.

சுருக்கத்துக்கு வெளியே, கட்டணமில்லாமல் நீங்கள் பார்க்கக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. 2005 முதல் முன்னணி மருத்துவ இதழ்கள், ஆட்களைச் சேர்க்கத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்த சோதனைகளையே வெளியீட்டுக்குப் பரிசீலிப்பதாக அறிவித்தன. அந்தப் பதிவு எண் பெரும்பாலும் சுருக்கத்தின் கடைசி வரியில் இருக்கும். அதை ClinicalTrials.gov போன்ற பதிவேட்டில் தேடினால், முதன்மை விளைவு என்று முதலில் எதைச் சொன்னார்கள், எத்தனையாவது வாரத்தில் அளப்பதாகச் சொன்னார்கள், எத்தனை பேரைச் சேர்ப்பதாகச் சொன்னார்கள் என்பதெல்லாம் தெரியும். பதிவின் பழைய வடிவங்களும் தேதியுடன் அங்கே கிடைக்கும். பதிவில் 'வலி, 24-ஆம் வாரம்' என்று இருந்து சுருக்கத்தில் 'வலி, 12-ஆம் வாரம்' என்று வந்தால், நடுவில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். சில ஆய்வுகளுக்கு இதழில் வராத முடிவு அட்டவணைகளும் அதே பக்கத்தில் பதிவேற்றப்பட்டிருக்கும். நான் மேலே செய்த கழித்தல் கணக்கை அங்கிருந்தே செய்துவிடலாம்.

சுருக்கத்தை மட்டும் வைத்து எதைச் சொல்ல முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சுருக்கத்தில் உள்ள எண் கட்டுரைக்குள் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வு ஆறு மருத்துவ இதழ்களைச் சோதித்தபோது, இதழைப் பொறுத்து 18 முதல் 68 சதவீதச் சுருக்கங்களில், கட்டுரையோடு முரண்படும் அல்லது கட்டுரையிலேயே இல்லாத தகவல் இருந்தது. மாத்திரையின் சுவையை வைத்தே எந்தக் குழுவில் இருக்கிறோம் என்று நோயாளிகள் ஊகித்துவிட்டார்களா என்பதும் தெரியாது. இன்னொன்று: நேர்மையான சுருக்கம் என்பது நல்ல ஆய்வு என்பதற்குச் சான்றல்ல. 20 பேரை வைத்து நடத்திய பலவீனமான ஆய்வை அதன் பலவீனத்தோடு முழுமையாகச் சொல்லும் சுருக்கங்களும் உண்டு. அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அவற்றை வைத்து மருந்தை மாற்றச் சொல்லமாட்டேன்.

குலுக்கல் இல்லாமல், மனிதர்களின் பழக்கங்களைக் கவனித்துச் செய்யும் ஆய்வுகளுக்கு வேறு பார்வை வேண்டும். அவற்றில் வினைச்சொல்லை மட்டும் பாருங்கள். முடிவுகளில் 'தொடர்புடையதாக இருந்தது' என்று வந்து, முடிவுரையில் 'குறைக்கிறது', 'தடுக்கிறது' என்று மாறினால் அங்கேயும் கேள்வி மாறிவிட்டது.

செய்தி எழுதும்போது, முதன்மை விளைவில் இரு குழுக்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு சுருக்கத்தில் இல்லையென்றால் பதிவேட்டில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால், தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் பெரும்பாலும் சுருக்கப் பக்கத்திலேயே இருக்கும். '12-ஆம் வாரத்தில் இரு குழுக்களுக்கும் இடையே வலியில் இருந்த வேறுபாடு எவ்வளவு, அதன் நம்பிக்கை இடைவெளி என்ன?' என்று ஒரே வரியில் கேளுங்கள். முழுக் கட்டுரையின் நகலைக் கேட்டாலும் பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். பதில் வருவதற்கு முன்பே எழுதியாக வேண்டிய நிலை வந்தால், 'மருந்து வலியைக் குறைக்கிறது' என்று எழுதாமல், 'மருந்து எடுத்தவர்களுக்கு வலி குறைந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களைவிட எவ்வளவு கூடுதலாகக் குறைந்தது என்பதை ஆய்வாளர்கள் சுருக்கத்தில் தெரிவிக்கவில்லை' என்று எழுதுங்கள்.

அன்புடன்.